இரண்டு உறைகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஒரு உறையில் இருப்பதைப்போல இரு மடங்கு பணம் இன்னொரு உறையில் இருக்கிறது. ஒன்றை எடுத்துத் திறக்கிறேன், 200 ரூபாய். மற்றதில் 400 இருக்கலாம், 100 இருக்கலாம், பாதிக்குப் பாதி வாய்ப்பு. சராசரி 250, ஆகவே மாற்றுவது லாபம். ஆனால் எந்தத் தொகை வந்தாலும் இதே கணக்குதானே? அப்படியென்றால் திறக்காமலே மாற்றலாம், மாற்றியபின் திரும்பவும் மாற்றலாம். எங்கே தவறுகிறேன்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

200 ரூபாய்க்கு நீங்கள் போட்ட கணக்கு சரியாகவே இருக்கக்கூடும். தவறு 'எந்தத் தொகை வந்தாலும்' என்ற இடத்தில் இருக்கிறது. பணத்தைப் போட்டவர் எந்தெந்த ஜோடிகளிலிருந்து எடுத்தார் என்று தெரியாமல் பாதிக்குப் பாதி என்று சொல்ல முடியாது.

ஒரு ஆட்டம் வைத்துக்கொள்வோம். 100–200, 200–400, 400–800, 800–1600 என்று நான்கு ஜோடிகள். சீட்டுக் குலுக்கி ஒரு ஜோடியை எடுத்து உறைகளில் போடுகிறார்கள், நீங்கள் ஒரு உறையை எடுக்கிறீர்கள். நடக்கக்கூடியவை எட்டு, எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு. இப்போது கண்ணை மூடிக்கொண்டு எப்போதும் மாற்றுங்கள்.

200 இரண்டு முறை வரும். ஒருமுறை 200 லாபம், ஒருமுறை 100 நஷ்டம், ஆக 100 மிச்சம். நீங்கள் சொன்னது இதைத்தான். இதேபோல 400-இல் 200 மிச்சம், 800-இல் 400 மிச்சம். 100 ஒரே முறை வரும், அப்போது மற்றதில் நிச்சயம் 200, லாபம் 100. மொத்தம் 800 ரூபாய் லாபம். அப்புறம் 1600 வருகிறது, ஒரே ஒரு முறை. மற்றதில் 800தான். மாற்றினால் 800 போய்விடும். கூட்டினால் பூஜ்யம்.

எனவே உறையைத் திறந்து, 1600 தவிர எது வந்தாலும் மாற்றுவது நல்ல முடிவு. பார்க்காமல் மாற்றுவதில் ஒரு பைசா பயனில்லை.

எல்லாத் தொகைக்கும் பாதிக்குப் பாதி பொருந்தவேண்டுமென்றால் 100–200 ஜோடிக்கும் 200–400 ஜோடிக்கும் ஒரே வாய்ப்பு வேண்டும், அதற்கு மேலும் கீழும் முடிவில்லாமல் அப்படியே. முடிவில்லாத ஜோடிகளுக்குச் சம வாய்ப்பு கொடுத்தால் கூட்டுத்தொகை 1 ஆகவே ஆகாது. அப்படி ஒரு குலுக்கலை யாராலும் நடத்த முடியாது.

இதில் இன்னொரு ஆழமும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1995-இல் ஜான் ப்ரூம் என்ற தத்துவ அறிஞர், முறையான வாய்ப்புகளை வைத்தே எந்தத் தொகை வந்தாலும் மாற்றத் தூண்டும் ஆட்டம் ஒன்றைக் காட்டினார். 1–2 ஜோடிக்கு வாய்ப்பு 1/3, பிறகு ஒவ்வொரு ஜோடிக்கும் முந்தையதில் 2/3 பங்கு. 1 ரூபாய் வந்தால் மற்றதில் 2 என்பது உறுதி. வேறு எது வந்தாலும் மற்றதில் இரு மடங்கு இருக்க 2/5 வாய்ப்பு, பாதி இருக்க 3/5. சராசரி, கையில் இருப்பதைப்போல 1.1 மடங்கு. ஆனால் இந்த ஆட்டத்தில் திறப்பதற்கு முன்பே ஒவ்வொரு உறையின் சராசரியும் முடிவிலி. முடிவிலியை எதிர்பார்த்துத் திறப்பவருக்கு எந்தத் தொகையும் குறைவுதான், அதனால்தான் எப்போதும் மாற்றத் தோன்றுகிறது. திறக்காமல் மாற்றினால் முடிவிலியைக் கொடுத்து முடிவிலியை வாங்குகிறோம், அதில் லாபம் என்ற சொல்லுக்கே பொருள் இல்லை. பணம் போடுபவரின் கையிருப்புக்கு ஓர் உச்சவரம்பு வந்துவிட்டால், அந்த 1600 ரூபாய் உறை திரும்பவும் வந்து நின்றுவிடும்.