தலைவலி இல்லை, சார்: ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் மரத்தடிக்குப் போவது ஏன்

கேள்வி: குடியாத்தம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பி.இ.டி.யாக இருக்கிறேன். ஏழாவது வரைக்கும் ஓடியாடிய பெண் பிள்ளைகள் ஒன்பதாவது வந்ததும் "தலைவலி சார்", "வயித்துவலி சார்" என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். 42 பேரில் விளையாடுவது பத்துப் பதினைந்து பேர்தான். என்னிடம் இருப்பது இரண்டு த்ரோபால், நாலு ரிங். 40 நிமிஷத்தில் என்ன மேடம் செய்ய முடியும்?

பதில்: அடுத்த வகுப்பில் எதையும் மாற்றாதீர்கள், எண்ணுங்கள். த்ரோபால் ஆட்டத்தில் சுமாராக ஆடும் மூன்று பிள்ளைகளை மனதில் குறித்துக்கொண்டு, பத்து நிமிஷத்தில் அவர்கள் கையில் பந்து எத்தனை முறை வருகிறது, அதில் எத்தனை முறை நழுவுகிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் கோடு போடுங்கள். நான் பார்த்த வகுப்புகளில் பந்து வருவதே நாலைந்து முறைதான். அதில் பாதி நழுவும்.

காரணம் த்ரோபாலின் விதியிலேயே இருக்கிறது. பக்கத்துக்கு ஏழு பேர் என்றால் 14 பேர் ஆடுகிறார்கள், மீதி 28 பேர் சுற்றி நின்று பார்க்கிறார்கள். பந்தை இரண்டு கையாலும் பிடித்து மூன்று விநாடிக்குள் திருப்பி எறிய வேண்டும். எதிரணிக்கு யார் பலவீனம் என்று தெரியும், பந்து அவளைப் பார்த்துத்தான் வரும். விட்டால் ஒரு புள்ளி போகும், அணி முழுக்க "ச்சே!" என்று கத்தும். ஆக, அவளுக்குப் பந்து வருவதே அவமானப்படத்தான். பத்து வயதில் அதைத் துடைத்துப் போட்டுவிட்டு ஓடுவாள். பதினாலு வயதில் முடியாது. அந்த வயதில் மற்றவர் பார்வைதான் பெரிய பாரம்.

உடம்பும் அப்போதுதான் மாறியிருக்கும். இடுப்பு விரிந்து, எடை கூடி, பழைய வேகம் குறைந்தது போலத் தோன்றும். தனக்கு விளையாட வராது என்று அவளே முடிவு கட்டிக்கொள்வாள். ஓடும்போது மார்பு அசைவது வலிக்கும். சரியான உள்ளாடை வீட்டில் யாரும் வாங்கித் தந்திருக்க மாட்டார்கள். துப்பட்டாவையோ மேல்கோட்டையோ ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஓடுகிறவள் எப்படிப் பந்து பிடிப்பாள்? பக்கத்து மைதானத்தில் பையன்கள் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தால் சொல்லவே வேண்டாம். தலைவலி என்பது இத்தனையையும் ஒரே சொல்லில் அடக்கிய மரியாதையான பதில்.

அதனால் வகுப்பைப் பிரிக்கும்போது எனக்கு ஒரே கணக்குதான்: சும்மா நின்று பார்க்கிறவர் யாரும் இருக்கக் கூடாது. உங்கள் 42 பேருக்கு அது எப்படி வரும் என்று சொல்கிறேன்.

முதலில் ஜோடிகளை அவர்களே பிடிக்கட்டும், கூட்டாளியோடு இருந்தால் பாதிக் கூச்சம் போய்விடும். அந்த 21 ஜோடிகளை ஏழேழாக நீங்கள் சேர்த்து 14 பேர் கொண்ட மூன்று குழுக்களாக்குங்கள். கேப்டன்கள் ஆளெடுக்கும் வழக்கத்தை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். காட்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் நான் புதுசாகச் சேர்ந்தபோது அதைத்தான் செய்தேன். கடைசியாக நின்ற பிள்ளை அப்புறம் அந்த வருஷம் முழுக்க விளையாட்டு வகுப்பு நாளாகப் பார்த்து லீவு போட்டாள். எனக்கு அது புரிய ரொம்ப நாள் ஆனது.

முதல் குழுவுக்கு இரண்டு த்ரோபால். இரண்டு மரங்களுக்கு நடுவே தலை உயரத்தில் கயிறு கட்டி, பக்கத்துக்கு ஐந்து தப்படி அளவில் இரண்டு சின்ன ஆடுகளம் போடுங்கள். ஒன்றில் ஏழு பேர், மூன்றுக்கு நாலாக நிற்கட்டும். பந்து ஒரு முறை தரையில் குதிக்கலாம், எறிவதற்கு முன் தன் பக்கத்தில் ஒருவருக்குக் கை மாற வேண்டும். முதல் இரண்டு வாரம் வெற்றி தோல்வி வேண்டாம், இரண்டு பக்கமும் சேர்ந்து விழாமல் எத்தனை முறை கயிற்றைத் தாண்டியது என்று எண்ணட்டும். ஒன்பதில் நின்றது அடுத்த வாரம் பதினைந்து ஆனால் அவர்களே சத்தம் போடுவார்கள். இரண்டாவது குழுவுக்கு நாலு ரிங்: மூன்று இரட்டையர் ஆட்டம், ஓர் ஒற்றையர் ஆட்டம், 14 பேரும் வந்துவிட்டார்கள். மூன்றாவது குழுவுக்குப் பொருளே வேண்டாம். ஜோடியாக எதிரெதிரே நின்று, தன் முட்டியைக் காத்துக்கொண்டு மற்றவள் முட்டியைத் தொட வேண்டும். 20 விநாடி ஆட்டம், கொஞ்சம் மூச்சு வாங்கல், அப்புறம் ஜோடி மாற்றம். இதில் குதிப்பது இல்லை என்பதால்தான் வைத்திருக்கிறேன். அரை நிமிஷம் பார்த்தால் கபடிக்கு யார் ஆவாள் என்பதும் தெரிந்துவிடும்.

மூன்று குழுவும் மூன்று ஆட்டத்தையும் மாறி மாறி ஆடட்டும். ஒவ்வொன்றும் ஒன்பது நிமிஷம், ஆக 27. ஆரம்பத்தில் ஐந்து நிமிஷம், இடம் மாற மூன்று நிமிஷம், கடைசியில் முகம் கழுவித் தண்ணீர் குடிக்க ஐந்து நிமிஷம். இந்தக் கடைசி ஐந்தை மட்டும் வெட்டாதீர்கள். வியர்வையோடு அடுத்த வகுப்பில் உட்கார வேண்டும் என்பதற்காகவே ஆடாத பிள்ளைகள் உண்டு.

இடமும் முக்கியம். வேலூர் வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு நடு மைதானத்தில் நிற்கச் சொன்னால் எந்தப் பிள்ளையும் "கறுத்துடுவேன் சார்" என்றுதான் சொல்லும், சொன்னதில் தப்பும் இல்லை. மதியத்துக்குப் பிறகு கட்டடத்தின் நிழல் கிழக்குப் பக்கம் விழும். கயிற்றை அங்கே கட்டுங்கள். பையன்கள் கண்ணிலிருந்தும் அது மறைவாக இருந்தால் இரட்டை லாபம்.

மாதவிடாய் நாள் பற்றி நீங்கள் விசாரிக்கவே வேண்டாம். "இன்னிக்கு ரிங் மட்டும்" என்று காரணம் சொல்லாமல் ஒருத்தி இடம் மாறிக்கொள்ளலாம் என்பதை விதியாகவே அறிவித்துவிடுங்கள். அந்த நாட்களில் ஆடுவதால் கெடுதல் ஒன்றும் இல்லை, சிலருக்கு வயிற்றுவலி குறையவும் செய்யும். ஆனால் கறை பட்டுவிடுமோ என்கிற பயத்தை விளக்கத்தால் போக்க முடியாது. கழிப்பறையில் தண்ணீரும், ஆசிரியை ஒருவரிடம் நாப்கினும் இருக்க வேண்டும். உள்ளாடை விஷயத்தையும் அந்த ஆசிரியையே பேசட்டும். விலை கூடின ஸ்போர்ட்ஸ் பிராதான் வேண்டும் என்பதில்லை, அளவு சரியாக, இறுக்கமாகப் பிடிக்கும் பருத்தி உள்ளாடையே பெரிய வித்தியாசம் காட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் தலைவலியை நம்புங்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை. ஆர்வமாக ஆட வந்தும் இரண்டு நிமிஷத்தில் மூச்சு வாங்கி, உள் இமை வெளுத்துத் தெரிகிறவளைச் சோம்பேறி என்று நினைக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். இந்த வயதில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு. பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை அவள் விழுங்குகிறாளா, ஜன்னல் வழியாக வீசுகிறாளா என்றும் கேட்டுப் பாருங்கள்.

முதல் இரண்டு வாரம் புகார் வரும், நன்றாக ஆடுகிற பிள்ளைகளிடமிருந்து. "இது என்ன சார், குழந்தை விளையாட்டு?" என்பார்கள். குறுவட்டப் போட்டிக்கு அணி தயாராக வேண்டியது நிஜம்தான். அதற்குத் தனி நேரம் ஒதுக்குங்கள், 42 பேரின் வகுப்பைச் செலவழிக்காதீர்கள். பள்ளி விட்ட பிறகு பயிற்சி வைத்தால் டவுன் பஸ்ஸைத் தவறவிடும் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். வயசுக்கு வந்த பெண் இருட்டி வீடு திரும்புவதை அம்மாக்கள் ஒப்ப மாட்டார்கள். காலையில் பிரார்த்தனைக்கு முன் அரை மணி கேட்டுப் பாருங்கள்.

ஒரு மாதம் கழித்து அதே மூன்று பிள்ளைகளுக்கு மறுபடி கோடு போடுங்கள். பந்து கைக்கு வந்த எண்ணிக்கை ஏறி, மரத்தடி மட்டும் குறையாமல் இருந்தால் கோளாறு ஆட்டத்தில் இல்லை. கழிப்பறையைப் போய்ப் பாருங்கள்.