வியாழனின் ஒரு சுற்றுக்கு ஏன் 12 ஆண்டுகள்?

வியாழன் சூரியனிலிருந்து பூமியைவிட 5.2 மடங்கு தொலைவில்தானே இருக்கிறது? அப்படியானால் 5.2 ஆண்டில் சூரியனைச் சுற்றிவிட வேண்டாமா?

பாதை 5.2 மடங்கு நீளம் என்பது சரி. ஆனால் தொலைவு கூடக்கூடச் சூரியனின் ஈர்ப்பு தளர்வதால் வேகமும் குறைகிறது. பூமி நொடிக்குச் சுமார் 30 கி.மீ. ஓடுகிறது, வியாழன் 13 கி.மீ.தான். நீண்ட பாதையும் மெதுவான ஓட்டமும் சேர்ந்துகொள்கின்றன.

வானியலாளர் கெப்ளர் 1619-இல் வெளியிட்ட விதி: T² = a³. T என்பது ஒரு சுற்றுக்கு ஆகும் ஆண்டுகள், a என்பது சூரியனிலிருந்து உள்ள தொலைவு. இங்கே 5.2 × 5.2 × 5.2 = 140.6. அதன் வர்க்கமூலம் 11.86 ஆண்டுகள். குரு ஒரு ராசியைக் கடக்க ஏறத்தாழ ஓராண்டு எடுப்பதும் இதனால்தான்.

தொலைவைக் கிலோமீட்டரில் போட்டால் விடை தப்பும். பூமியின் சராசரித் தொலைவை 1 என்று கொள்ளுங்கள். பாதை நீள்வட்டம் என்பதால், அதன் பெரிய அச்சில் பாதியே a.