தீபாவளி முறுக்கு ஆர்டர்: எவ்வளவு எடுக்கலாம்?

வீட்டிலிருந்தே தீபாவளிக்கு முறுக்கு செய்து விற்கப் போகிறேன். எத்தனை கிலோ ஆர்டர் எடுப்பது, என்ன விலை வைப்பது?

முதலில் ஒரு கிலோ சுட்டு நேரம் பாருங்கள். பிசைந்து, பிழிந்து, பொரித்தெடுக்க 45 நிமிடம் ஆனால், ஆறு மணி நேரத்தில் கணக்குப்படி 8 கிலோ வரும். ஆனால் கை ஓய்ந்துவிடும், எண்ணெயும் மாற்ற வேண்டும். அதனால் நாளுக்கு 6 கிலோ என்றே வையுங்கள். ஐந்து நாளுக்கு 30 கிலோ. அதோடு ஆர்டரை மூடிவிடுங்கள், சொந்தக்காரர் கேட்டாலும் சரி.

விலை போடும்போது பலரும் விட்டுவிடுவது தங்கள் கூலியைத்தான். கிலோவுக்கு மாவு, எண்ணெய், வெண்ணெய் 190, கேஸும் டப்பாவும் 40, கூலி 100 என்றால் அடக்கமே 330 ரூபாய். 400க்குக் கீழே இறங்காதீர்கள்.

முறுக்கு நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்து, மறுநாளே நமத்துவிடும்.