ஜூலியட் "எங்கே" என்று கேட்கவில்லை

கேள்வி: "ரோமியோ, ரோமியோ, நீ எங்கே இருக்கிறாய்?" என்று கல்லூரி நாடகத்துக்கு எழுதியிருக்கிறேன். இன்னும் பழைய வாசனை வர என்ன செய்யலாம்?

பதில்: வாசனை அப்புறம், முதலில் பொருளைச் சரிசெய்யுங்கள். ஷேக்ஸ்பியரின் ஆங்கில மூலத்தில் அங்கே வரும் 'வேர்ஃபோர்' என்றால் 'ஏன்'. ஜூலியட் அவனைத் தேடவே இல்லை, கீழே தோட்டத்தில் நிற்கிறான் என்பதும் அவளுக்குத் தெரியாது. பகை வீட்டுப் பிள்ளையாகப் பிறந்துவிட்டானே என்பதுதான் அவள் துக்கம், அதனால்தான் அடுத்த வரியிலேயே உன் அப்பாவை உதறு, பெயரை விட்டுவிடு என்கிறாள். "ரோமியோ, நீ ஏன் ரோமியோவாக இருக்கிறாய்?" என்றே நான் எழுதுவேன். 'எற்றுக்கு' என்று போட்டால் பழமை வந்துவிடும், ஆனால் பதின்மூன்று வயதுப் பெண் ராத்திரியில் தனக்குத்தானே புலம்புவது போல இருக்காது.

கேள்வி: அதே வரியில் வரும் 'தவ்' என்பது மரியாதைச் சொல்தானே? 'தாங்கள்' போடலாமா?

பதில்: இன்றைய காதுக்கு அப்படித்தான் விழும், பழைய பைபிளிலும் ஜெபத்திலும் கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் அன்று அது நெருங்கியவர்களிடமும் கீழே உள்ளவர்களிடமும் சொல்லும் 'நீ'. விருந்தில் முதன்முதலாகப் பேசும்போது ஜூலியட் அவனை 'யூ' என்கிறாள், முத்தத்துக்குப் பிறகும் அப்படியே. மாடத்துக்கு வந்ததும் 'தவ்'. இன்றைய ஆங்கிலம் தொலைத்துவிட்ட அந்த வித்தியாசம் நம்மிடம் பத்திரமாக இருக்கிறது. விருந்தில் 'நீங்கள்', மாடத்தில் 'நீ' என்று மாற்றிப் பாருங்கள், அவள் மனம் நகர்ந்தது ஒரு விளக்கமும் இல்லாமல் புரியும்.

கேள்வி: ஹாம்லெட் ஒஃபீலியாவுக்கு எழுதியதை என் வருங்கால மனைவிக்கு அனுப்பினேன்: "விண்மீன் நெருப்பென்று சந்தேகி, சூரியன் நகர்வதாகச் சந்தேகி, உண்மையே பொய்யன் என்று சந்தேகி, என் காதலை மட்டும் சந்தேகிக்காதே." குழப்பமாக இருக்கிறது என்கிறாள்.

பதில்: அவர் சொல்வது சரி. "திருடன் என்று சந்தேகப்பட்டேன்" என்றால் தமிழில் திருடனாக இருப்பான் என்று நினைத்தேன் என்றுதான் பொருள். அதனால் உங்கள் முதல் இரண்டு வரியும் தலைகீழாகிவிட்டன. மூலத்திலும் அந்த ஒரே சொல் மூன்றாம் வரியில் மட்டும் இப்படித் திரும்புகிறது, அந்த வரி உங்களுக்குத் தானாகவே சரியாக அமைந்திருக்கிறது. மற்றவற்றை மாற்றுங்கள்: "விண்மீன் நெருப்புதானா என்று சந்தேகப்படு, சூரியன் நகர்கிறதா என்று சந்தேகப்படு." 'சந்தேகி'யைவிட 'சந்தேகப்படு' வாயிலும் இயல்பாக வருகிறது.

கேள்வி: ஷேக்ஸ்பியரின் பதினெட்டாம் சானட்டில் காதலியைக் 'கோடை நாள்' என்றால் திட்டுவது போல இல்லையா?

பதில்: இருக்கிறது. இங்கிலாந்தில் கோடை இதமானது, நமக்கு மே என்றால் கத்திரி வெயில். (அந்தக் கவிதை ஓர் இளைஞனை நோக்கியது என்றே பெரும்பாலும் படிக்கிறார்கள், 'காதலி' என்று முடிவுகட்ட வேண்டாம்.) 'இளவேனில்' என்று வைத்துப் பார்த்தேன், சொல் குளுமையாக இருக்கிறது. ஆனால் வெயில் சில நேரம் மிகையாகச் சுடுகிறது என்று பின்னால் ஒரு வரி வருகிறதே, அங்கே 'இள' ஒட்டவில்லை. இன்னும் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.