15 பெரிதா, 11 பெரிதா?

அன்புள்ள ஐயா,

பணம் போட இரண்டு ஃபண்டுகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஐந்து வருடச் சராசரி லாபம் முதலாவதில் 15 சதவீதம், இரண்டாவதில் 11. ஆனால் ஷார்ப் ரேஷியோ முதலாவதற்கு 0.6, இரண்டாவதற்கு 1 என்று போட்டிருக்கிறது. இரண்டாவதுதான் உசத்தி என்கிறார் நண்பர். நாலு சதவீதம் குறைவாகக் கொடுப்பது எப்படி உசத்தியாகும்? வருட வாரியாக லாபம் இதோ:

முதல் ஃபண்ட்: 32, -4, 24, 3, 20
இரண்டாம் ஃபண்ட்: 12, 10, 18, 4, 11

ரிஸ்க் இல்லாத வட்டி 6 சதவீதம் என்று குறித்திருக்கிறார்கள்.

கே.

அன்புள்ள கே.,

முதலில் உங்கள் பக்கத்து நியாயம். 100 ரூபாய் போட்டிருந்தால் ஐந்து வருடத்தில் முதல் ஃபண்டில் சுமார் 194 ஆகியிருக்கும், இரண்டாவதில் 168தான். கைக்கு வந்த பணத்தை மட்டும் எண்ணினால் முதலாவதுதான் ஜெயித்தது. ஷார்ப் ரேஷியோ அதை மறுக்கவில்லை. அது கேட்பது வேறு கேள்வி: இந்த லாபத்துக்காக எவ்வளவு ஆட்டத்தைத் தாங்க வேண்டியிருந்தது?

வில்லியம் ஷார்ப் 1966இல் ஃபண்டுகளை ஒப்பிட இந்தக் கணக்கைக் கொண்டுவந்தார். இரண்டே வேலை. சும்மா பத்திரமாக வைத்திருந்தாலே கிடைக்கும் வட்டியை லாபத்திலிருந்து கழிக்க வேண்டும், ஏனென்றால் அதற்கு எந்த ரிஸ்க்கும் எடுக்கவில்லை. மிச்சத்தை ஏற்ற இறக்கத்தின் அளவால், அதாவது திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டும்.

முதல் ஃபண்டில் போட்டுப் பார்ப்போம். சராசரி 15. ஒவ்வொரு வருடமும் அதிலிருந்து எவ்வளவு விலகியது? 17, -19, 9, -12, 5. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 900. ஐந்து வருடம் என்பதால் ஒன்று குறைத்து 4ஆல் வகுத்தால் 225, வர்க்கமூலம் 15. ஆக, வட்டிக்கு மேல் கிடைத்தது 9, ஆட்டம் 15. விகிதம் 0.6. இரண்டாவதில் விலகல்கள் 1, -1, 7, -7, 0. இதே வழியில் ஆட்டம் 5 வரும். வட்டிக்கு மேல் கிடைத்ததும் 5. விகிதம் 1.

சரி, ஒரு யூனிட் ரிஸ்க்குக்கு 0.6, இங்கே 1. அதனால் என்ன? பெரும்பாலான விளக்கங்கள் இங்கேயே நின்றுவிடுகின்றன, எனக்கு அதில் எப்போதும் எரிச்சல். உங்கள் பணத்தை மூன்று பங்காக்குங்கள். ஒரு பங்கை முதல் ஃபண்டிலும் மற்ற இரண்டை 6 சதவீத வட்டியிலும் போடுங்கள். வட்டிப் பணம் ஆடாது. ஆகவே மொத்த ஆட்டம் 15இல் மூன்றில் ஒன்று, அதாவது 5. இரண்டாம் ஃபண்டின் ஆட்டமும் அதேதான். லாபம்? 15இல் மூன்றில் ஒரு பங்கு 5, வட்டியிலிருந்து 4, மொத்தம் 9. ஒரே அளவு ஆட்டத்துக்கு இரண்டாம் ஃபண்ட் 11 தருகிறது. உங்கள் நண்பர் சொன்ன உசத்தி இந்த இரண்டு சதவீதம்தான்.

எதிர்த்திசையில் போனால் கடன் வாங்கி இரண்டாம் ஃபண்டை மும்மடங்காக்கி, 15 ஆட்டத்துக்கு 21 லாபம் என்று காகிதத்தில் காட்டலாம். ஆனால் உங்களுக்கும் எனக்கும் 6 சதவீதத்தில் யாரும் கடன் தரமாட்டார்கள். ஆகவே ஆட்டத்தைத் தாங்கிக்கொண்டு 15தான் வேண்டும் என்பவருக்கு முதல் ஃபண்ட் தப்பான தேர்வு இல்லை.

அப்புறம் ஒரு விஷயம். இந்த 0.6, 1 இரண்டையும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐந்தே எண்களை வைத்துக் கணக்கிட்ட விகிதத்தில் பிழைக்கு நிறைய இடம் உண்டு. உங்கள் இரண்டாம் ஃபண்டின் 1 என்பதிலேயே அரைப் புள்ளி போல மேலோ கீழோ இருக்கலாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே 0.4தான். மாத வாரியான எண்கள், இன்னும் நீண்ட காலத்துக்குக் கிடைத்தால் நம்பிக்கை கூடும்.

அதைவிடவும் நான் பயப்படுவது அமைதியான எண்களைப் பார்த்து. அரிதாக வரும் பெரிய அடிக்கு ஈடு கொடுப்பதாக ஒப்புக்கொண்டு, அதற்குக் கூலி வாங்கிப் பிழைக்கும் ஃபண்டுகள் உண்டு. அடி விழாத வருடங்களில் லாபம் ஒரே சீராக வரும், திட்ட விலக்கம் சிறுத்துப்போகும், ஷார்ப் ரேஷியோ வானத்தைத் தொடும். விழுகிற நாளில் பல வருட லாபம் ஒன்றாகப் போய்விடும். விலை அடிக்கடி நிர்ணயிக்கப்படாத சொத்துகளை வைத்திருக்கும் ஃபண்டுகளிலும் இதே பொய் அமைதி தெரியும்.

எனவே இரண்டாம் ஃபண்ட் எதை வாங்கி வைத்திருக்கிறது என்று அதன் மாத அறிக்கையில் பாருங்கள். அந்தப் பட்டியலை அனுப்பினால் மேலே பேசலாம்.