சரக்குத் தாளில் 13 பெட்டி இடிக்கிறது

“ஒரு அடுக்குக்கு 8 பெட்டி, 5 அடுக்கு, 12 பேலட். பெருக்கினால் 480 வருகிறது, கையிருப்பு 467 என்று இருக்கிறது. 13 பெட்டி காணாமல் போய்விட்டதா?”

பெரும்பாலும் காணாமல் போயிருக்காது. ஒரு முழு பேலட்டுக்கு 40 பெட்டி. வித்தியாசம் அதைவிடக் குறைவாக இருந்தால், பாதி எடுத்த பேலட்டையும் முழுசாக எண்ணியிருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். 467-ஐ 40-ஆல் வகுத்தால் 11 முழு பேலட், மீதி 27. அதாவது 12-வது பேலட்டில் 3 முழு அடுக்கும் மேலே 3 உதிரிப் பெட்டியும் நிற்க வேண்டும். நேரில் போய் அந்த ஒன்றை மட்டும் எண்ணுங்கள். அப்படியே இருந்தால் கணக்கு சரி, பாதி பேலட்டை எழுதத் தாளில் இடம்தான் இல்லை. முழு பேலட் (D), மீதி அடுக்கு (E), உதிரி (F) என்று தனித்தனிப் பத்தி போடுங்கள். B அடுக்குக்குப் பெட்டி, C பேலட்டுக்கு அடுக்கு, G கையிருப்பு:

```
=B2*C2*D2+B2*E2+F2-G2
```

விடை 0 வர வேண்டும்.

வித்தியாசம் சரியாக 60 என்றால் சங்கதி வேறு. 5 × 12 = 60, ஆகவே அடுக்குக்கான எண்ணிக்கையில் ஒன்று பிசகியிருக்கும். சுற்றி அடுக்கி நடுவில் குழி விட்ட பேலட்டைப் பக்கவாட்டில் பார்த்து மூன்றுக்கு மூன்று, 9 என்று எழுதிவிடுவார்கள். மேலிருந்து பார்த்தால்தான் 8 என்று தெரியும்.