சித்திரப் போட்டிக்கு வரும் பிள்ளைகளின் புகைப்பட அனுமதிப் படிவம்: யார் ஒப்பமிடுவது, எங்கே வைப்பது?

கேள்வி: ஹட்டன் பக்கம் எங்கள் வாசகர் வட்டம் 6 முதல் 15 வயது வரையான பிள்ளைகளுக்குச் சித்திரப் போட்டி வைக்கிறது. 140 பேர் அளவில் வருவார்கள். படங்களை முகநூலிலும் பத்திரிகையிலும் போட விருப்பம். பல பிள்ளைகளின் அம்மா வெளிநாட்டில், அப்பா கொழும்பில். பாட்டி ஒப்பமிட்டால் போதுமா? படிவங்களை எப்படி, எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்?

பதில்:

பாட்டியின் ஒப்பம் பிள்ளையைப் போட்டிக்கு அழைத்துவரப் போதும், முகநூலில் படம் போடப் போதாது. இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதி ஒரே ஒப்பம் வாங்குவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 16 வயதுக்குக் குறைந்தவரைப் பிள்ளை என்கிறது. அந்தப் பிள்ளையின் சம்மதம் என்றால் பெற்றோருடையது அல்லது சட்டப்படியான பாதுகாவலருடையது. பாட்டி வளர்க்கிறார் என்பதால் மட்டும் அவர் சட்டப்படியான பாதுகாவலர் ஆகிவிடமாட்டார்.

ஆகவே படிவத்தை இரண்டு தாளாக அச்சிடுங்கள். முதல் தாள் பங்குபற்றுதலுக்கு: பெயர், பிறந்த திகதி, அவசரத்துக்குத் தொலைபேசி எண், பிள்ளையைத் திரும்ப அழைத்துப் போக வருபவர் யார், ஒவ்வாமை ஏதும் உண்டா. இதில் வீட்டில் இருக்கும் பெரியவர் ஒப்பமிடலாம். இரண்டாம் தாள் புகைப்படத்துக்கு மட்டும். அதில் நான்கு வரிகள் இருக்கட்டும்: மண்டபத்தில் காட்சிக்கு வைக்க, பத்திரிகைக்குக் கொடுக்க, முகநூலில் போட (பக்கத்தின் பெயரையும் எழுதுங்கள்), பிள்ளையின் பெயரோடு சித்திரத்தை மட்டும் வெளியிட. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘ஆம்’, ‘இல்லை’ என இரண்டு வெற்றுக் கட்டங்கள். முன்கூட்டியே அடையாளம் போட்ட கட்டம் சம்மதம் ஆகாது. ஒன்றும் நிரப்பாமல் வந்தால் ‘இல்லை’ என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ‘இல்லை’ என்றாலும் பிள்ளை போட்டியில் கலந்துகொள்ளலாம் என்பதை மேலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். இல்லாவிட்டால் பயந்துதான் எல்லாரும் ‘ஆம்’ போடுவார்கள்.

அம்மா வெளிநாட்டில் என்றால், இரண்டாம் தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வீட்டுவேலையில் இருப்பவரிடம் அச்சிட வசதி இருக்காது. வெள்ளைத் தாளில் பிள்ளையின் பெயரையும் நான்கு வரிக்கும் தன் பதிலையும் கையால் எழுதி ஒப்பமிட்டு, படம் எடுத்து அனுப்பினாலே நல்லது. அதை அச்சிட்டுப் படிவத்தோடு சேர்த்து, வந்த திகதியையும் உறவுமுறையையும் ஓரத்தில் குறியுங்கள். குரல் பதிவு மட்டும் வந்தால் அதைச் சேமித்து, அவர் சொன்னதை எழுதி, கேட்ட இருவர் ஒப்பமிடலாம். வாசிக்கத் தெரியாத பெற்றோருக்கு நான்கு வரியையும் வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கி, வாசித்தவர் சாட்சியாக ஒப்பமிட வேண்டும். பதிலே வராவிட்டால் அந்தப் பிள்ளைக்குப் படம் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றைக் கவனியுங்கள். ஒரு பாடசாலையிலிருந்து முப்பது படிவம் கட்டாக வரும். எல்லாம் ஒரே நீலப் பேனை, ஒரே சாய்வு, எல்லாவற்றிலும் நான்கு ‘ஆம்’. பெற்றோருக்குப் பதிலாக ஆசிரியரே நிரப்பியிருக்கிறார் என்பது பார்த்ததுமே தெரியும். அவர் நல்ல மனதோடுதான் செய்திருப்பார். ஆனாலும் அது சம்மதம் அல்ல. இரண்டாம் தாளை மட்டும் திருப்பி அனுப்புங்கள். அதற்கு நேரம் வேண்டும் என்பதால் படிவங்களைப் போட்டிக்கு மூன்று வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

போட்டி நாளில்தான் படிவம் சோதனைக்கு வரும். 140 பேரில் 104 பேர் எல்லாவற்றுக்கும் ‘ஆம்’, 15 பேர் முகநூலுக்கு மட்டும் ‘இல்லை’, 21 பேர் முதல் மூன்று வரிக்குமே ‘இல்லை’ என்று வைத்துக்கொள்வோம். அந்த 21 பேரின் சட்டையில் சிவப்பு ஒட்டுவில்லை குத்தாதீர்கள். பிள்ளைகள் கேலிப் பொருளாவார்கள். வீட்டுப் பிணக்கால் மறைந்து வாழும் குடும்பமாக இருந்தால் ஆபத்தும்கூட. எல்லாருக்கும் ஒரே மாதிரி இலக்க அட்டை கொடுங்கள், 21 பேரின் இருக்கைகளை மண்டபத்தின் ஒரு பக்கத்தில் சேர்த்து வையுங்கள், படம் எடுப்பவர் மறுபக்கம் மட்டும் எடுக்கட்டும். முகநூலுக்கு ‘இல்லை’ என்ற 15 பேரை அதற்கு அடுத்து அமர்த்தினால், அவர்கள் இல்லாத படங்களும் தானாகக் கிடைக்கும். பரிசளிப்பில் முதலிடம் அந்த 21 பேரில் ஒருவருக்குப் போகவும் கூடும். மேடையில் கூப்பிடுங்கள், பரிசைக் கொடுங்கள், கமரா மட்டும் இறங்கியிருக்கட்டும். சித்திரத்துக்கு அனுமதி இருந்தால் அதை எடுத்துப் போடலாம்.

படக்குறிப்பில் முழுப் பெயர், பாடசாலை, தோட்டத்தின் பெயர், டிவிஷன் எல்லாம் சேர்த்துப் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. பட்டணத்தில் பாடசாலைப் பெயரை வைத்து ஒரு பிள்ளையின் வீட்டைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். தோட்டத்தில் டிவிஷன் பெயர் தெரிந்தால் லயத்தின் வாசலுக்கே போய்விடலாம். முதற்பெயரும் வயதும் போதும்.

சேமிப்புக்கு வருவோம். பிறப்புச் சான்றிதழின் பிரதியை வாங்கி வைக்காதீர்கள். அதில் பெற்றோரின் இனம், அவர்கள் மணமானவர்களா என்பதெல்லாம் இருக்கும். சித்திரப் போட்டிக்கு அது எதற்கு? மூலத்தைப் பார்த்து ‘வயது சரி’ என்று முதல் தாளில் குறித்து, சுருக்கொப்பம் இட்டுத் திருப்பிக் கொடுங்கள். படிவங்களைப் பெயர்படி அல்ல, இலக்கப்படி அடுக்குங்கள். தனியாக ஒரு பதிவுப் புத்தகத்தில் இலக்கம், பெயர், நான்கு பதில்கள். படங்களை வெளியிடும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியது இந்தப் புத்தகத்தைத்தான்.

மழைக்காலத்தில் நம் பக்கம் அலுமாரிக்குள்ளும் தாள் பூஞ்சணம் பிடிக்கும். ஜெல் பேனை ஈரத்தில் கரையும், போல்பொயின்ட் தாங்கும். ஸ்டேப்ளர் கம்பி துருப்பிடித்து ஒப்பத்தின் மேலேயே கறை விடும், நூலால் கட்டுங்கள். ஈரமான தாளைப் பிளாஸ்டிக் உறையில் மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும். காயவைத்து, அட்டைக் கோவையில் போட்டு, பூட்டும் இரும்பு அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். அலுமாரி வெளிச்சுவரைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி நிற்கட்டும். சாவி இருவரிடம் போதும்.

ஸ்கேன் செய்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு கோப்பு, கோப்பின் பெயராக இலக்கம் மட்டும்: `047.pdf`. தன் படங்களைத் தானாகக் கூகுளில் ஏற்றும் தொலைபேசியால் ஸ்கேன் செய்தால் 140 குடும்பங்களின் விபரம் ஒருவரின் சொந்தக் கணக்குக்குப் போய்விடும், அந்த வசதியை முதலில் நிறுத்துங்கள். கூகுள் டிரைவில் `Anyone with the link` அல்ல, `Restricted` என்று வைத்து, இரண்டு மின்னஞ்சல்களை மட்டும் சேருங்கள்.

எவ்வளவு காலம்? தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதே சட்டம். ஒவ்வாமை, தொலைபேசி எண் உள்ள முதல் தாளின் தேவை பரிசளிப்போடும் முறைப்பாடுகளோடும் முடிகிறது, மூன்று மாதத்தில் அழித்துவிடலாம். இரண்டாம் தாள் அப்படியல்ல. படம் முகநூலில் இருக்கும் வரை அந்த ஒப்பமே உங்கள் ஆதாரம், படத்தை முகநூலிலிருந்து நீக்கிய பிறகு ஒரு வருடம் கழித்து அழியுங்கள். இடையில் ஒரு தாய் ‘வேண்டாம்’ என்று அழைத்தால் காரணம் கேட்காமல் படத்தை நீக்கிவிட்டு, பதிவுப் புத்தகத்தில் திகதி போடுங்கள். அச்சான பத்திரிகையைத் திரும்பப் பெற முடியாது என்பதைப் படிவத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

அழிக்கும்போது எரியுங்கள், அல்லது கிழித்து ஊறவையுங்கள். பழைய தாள் வாங்குபவருக்கு நிறுத்துக் கொடுத்தால், அடுத்த வாரம் பஸ் நிலையத்தில் வடை சுற்றிய தாளில் யாரோ ஒரு தாயின் தொலைபேசி எண் இருக்கும்.